பூட்டிய கதவு: கனவுக்காகக் காத்திருந்த ஒரு மளிகைக் கடைக்காரர்

இது ஒரு மனநல ஆலோசனை நிகழ்வின் பதிவு. சம்பந்தப்பட்டவரும் அவர் குடும்பத்தாரும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கனவு, கணக்கு, முடிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படிச் சிக்கிக்கொண்டன என்பதில் மட்டும் கை வைக்கவில்லை.

## பின்னணி

தண்டையார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் மளிகைக் கடை. கடைக்காரருக்கு வயது 51. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கடை வைத்தவர். இவர் 1999-இல் தனியாகக் கடை போட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். கொத்தவால்சாவடி மொத்தக் கடைகளில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது, கேட்ட சரக்கு கடனுக்கும் கிடைக்கும். கடையை அவரும் மனைவியும் ஒரு வேலையாளும் பார்த்துக்கொண்டார்கள். பி.காம் முடித்த மகன் இரண்டு வருஷமாகக் கடையில் இருந்தார்.

2023 ஜூன் மாதம் அவரை அழைத்து வந்தவர் மகன். ஒட்டியிருந்த பக்கத்துக் கடை காலியாகியிருந்தது. அதையும் வாடகைக்கு எடுத்து, நடுச்சுவரில் வழி விட்டு, ஜனங்கள் தாங்களே பொருளை எடுத்துக்கொள்ளும்படி சின்ன சூப்பர் மார்க்கெட்டாக மாற்ற வேண்டும் என்பது மகனுடைய எண்ணம். கட்டட உரிமையாளர் அவசரப்படுத்தவில்லை. "ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தார். கடைக்காரரோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அப்பா கனவு வரட்டும்னு காத்துட்டு இருக்கார் மேடம். வந்தா வேண்டாம்பார். வரலைன்னா வரும்னு இன்னும் காத்திருப்பார்" என்று மகன் சொன்னார்.

கடைக்காரர் மறுக்கவில்லை. பெரிய முடிவு எதுவாக இருந்தாலும் அதற்கு முன்பு ஒரே கனவு வரும் என்றார். பழைய காலக் கடைகளில் இருந்ததுபோல, எண் எழுதிய பலகைகளை வரிசையாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டிய கதவு. அவர் வெளியே நிற்கிறார். கையில் சாவிக்கொத்து இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார், எதுவும் சேரவில்லை. உள்ளே யாரோ படியில் அரிசி அளக்கும் சத்தம் கேட்கிறது. அத்தோடு விழிப்பு வந்துவிடும்.

இந்தக் கனவு வந்த பிறகு இறங்கிய காரியம் விளங்காது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று அவருடைய அம்மா சொல்லுவாராம். இவருக்கு எப்போதும் விடியற்காலையில்தான் வந்திருக்கிறது.

## முதலில் கவனித்தவை

கனவு என்றதும் அதன் பொருளைத் தேடிப் போவதற்கு முன்பு தூக்கத்தையும் உடம்பையும் பார்த்துவிட வேண்டும். இரவு பதினொன்றரைக்குப் படுப்பார். பால் வண்டி வருவதற்காக நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுவார். ஐந்து மணி நேரம்கூடத் தேறாத தூக்கம், அதுவும் பல வருஷமாக. குறட்டை உண்டு. ஆனால் மூச்சு நின்று திணறி எழுவதில்லை என்று மனைவி சொன்னார். குடிப்பழக்கம் இல்லை. 2018 முதல் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அது பீட்டா பிளாக்கர் வகை. அந்த வகையில் சில மாத்திரைகள் கனவைத் தெளிவாகவும் அடிக்கடியும் வரவைப்பதுண்டு. கனவு தொடங்கியது 1999 என்பதால் மாத்திரையை மூல காரணமாக வைக்க முடியவில்லை. ஆனாலும் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மனச்சோர்வோ வேறு தீவிர மனநலப் பிரச்சினையோ இருப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

கனவு அவரைப் பயமுறுத்தவில்லை. இதை நான் முக்கியமாகக் குறித்துக்கொண்டேன். வியர்த்துக் கொட்டி எழுவதோ, மறுபடி தூங்கப் பயப்படுவதோ இல்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு பால் டப்பாக்களை எண்ணப் போய்விடுவார். பகலில்தான் அந்தக் கனவு வேலை செய்தது. அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு யோசிப்பதையே நிறுத்திவிடுவார். மகன் கணக்கோடு வந்தால் "அது கிடக்கட்டும்" என்பார். அந்த வீட்டில் சண்டை தொடங்கும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் கேட்டேன். கோயிலில் பூ போட்டுப் பார்ப்பீர்களா? பார்ப்பாராம், மகள் கல்யாணத்துக்குக்கூடப் பார்த்தாராம். அதில் நான் கை வைக்கவில்லை. பூ போட்டுப் பார்க்கும்போது சிவப்பு வந்தால் இது, வெள்ளை வந்தால் அது என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டுதான் எடுக்கிறார்கள். கனவில் அந்த முன் ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் எனக்கு எழுந்த கேள்வி.

## பழைய நோட்டுகளைப் புரட்டியது

கனவை நம்பாதீர்கள் என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்த முறை வந்திருக்க மாட்டார். அதனால் கடைக்காரருக்குப் பழக்கமான வழியிலேயே போகலாம் என்று முடிவு செய்தேன். 1999-இலிருந்து எடுத்த பெரிய முடிவுகள் எல்லாவற்றையும் எழுதுவது. கனவு வந்ததா, அதை அப்போது எப்படி எடுத்துக்கொண்டார், என்ன செய்தார், என்ன ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பது. ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. பழைய கணக்கு நோட்டு, பில் கட்டு, மனைவியின் ஞாபகம் ஆகியவற்றோடு ஒத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும். கொஞ்சம் தயங்கினார். அப்புறம் பரணிலிருந்து நோட்டுகளை இறக்கிவிட்டார்.

1999-இல் தனிக் கடை போடும் முன்பு கனவு வந்தது. துணிந்து போட்டார், கடை நன்றாக நடந்தது. அப்போது கனவுக்கு அவர் சொல்லிக்கொண்ட அர்த்தம், "பூட்டு இருந்தா பத்திரம்தானே." அதாவது நல்ல சகுனம்.

2004-இல் மச்சானோடு சேர்ந்து திருவொற்றியூரில் இரண்டாவது கடை. கனவு வந்தது. முதல் தடவை நல்லதாகத்தானே முடிந்தது என்று இறங்கினார். இரண்டு வருஷத்தில் நஷ்டத்தோடு மூடினார்கள், உறவும் கசந்தது. கனவு எச்சரிக்கை என்று மாறியது இதற்குப் பிறகுதான்.

2009-இல் தெரிந்தவர் ஒருவர் நடத்திய பெரிய சீட்டில் சேரும்படி அழைப்பு. கனவு வந்தது, சேரவில்லை. அடுத்த வருஷம் சீட்டு நடத்தியவர் ஊரை விட்டே போய்விட்டார். அவர் எல்லோரிடமும் சொல்லும் கதை இதுதான். என்னிடமும் முதலில் சொன்னது இதைத்தான்.

2012-ஐ அவர் எழுதவில்லை. மனைவிதான் சொன்னார். "ஏங்க, மீஞ்சூர் பக்கம் அந்த மனை? கனா வந்துச்சுன்னு விட்டுட்டீங்களே?" மனையை விட்டார்கள், பிறகு விலை பல மடங்கு ஏறியது. கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமா, அதுவும் உண்டு" என்றார்.

2015 நவம்பர். பொங்கலை நினைத்து அரிசியும் வெல்லமும் மொத்தமாக எடுத்துக் கொடுங்கையூரில் தாழ்வான ஒரு குடோனில் தரையிலேயே அடுக்கினார். அவருடைய வியாபார வாழ்க்கையில் ஒரே தடவையில் போட்ட பெரிய தொகை அது. கனவு வரவில்லை. டிசம்பர் வெள்ளத்தில் கீழ் வரிசை மூட்டைகள் முழுக்க நனைந்து வீணாயின. அவர் பட்ட நஷ்டங்களிலேயே பெரியதும் இதுதான்.

இதைத் தவிர ஃப்ரீசர் வாங்கியது, 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பில் மிஷின் வைத்தது, கடையை ஒட்டிய பின்னறையைச் சேர்த்துக்கொண்டது என்று கனவே வராத முடிவுகள் பல. பெரும்பாலும் நல்லபடியாகவே முடிந்தவை.

எல்லாவற்றையும் ஒரே தாளில் நான்கு கட்டமாகப் போட்டோம். கனவு வந்து செய்தவை இரண்டு, ஒன்று லாபம், ஒன்று நஷ்டம். கனவு வந்து செய்யாமல் விட்டவையும் இரண்டு, ஒன்றில் தப்பித்தார், ஒன்றில் இழந்தார். கனவு வராதவற்றில் பெரும்பாலும் நன்மை, ஆனால் மிகப் பெரிய அடியும் அங்கேதான் இருக்கிறது. கனவு எந்தப் பக்கமும் சாயவில்லை. நான்கு சம்பவங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதையும் அவரிடம் சொன்னேன். ஆனால் "கனவு வந்தால் விளங்காது" என்ற விதியை அவர் கட்டியிருந்ததும் இதே நான்கில் இரண்டை வைத்துத்தான்.

அவரைத் தைத்தது எண்ணிக்கை இல்லை. ஒரே கதவுக்கு 1999-இல் ஒரு அர்த்தமும் 2004-க்குப் பிறகு வேறொரு அர்த்தமும் வந்ததுதான். "நடந்ததப் பாத்துட்டுத்தான் நான் அர்த்தம் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று அவரே சொன்னார். எனக்கு வேறு எதுவும் சேர்க்கத் தேவைப்படவில்லை.

இது அவருக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. கேரி மோர்வெட்ஜும் மைக்கேல் நார்ட்டனும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, தென்கொரியா, இந்தியா மூன்று நாட்டு மாணவர்களிடமும் கேட்டார்கள். கனவில் மறைந்த உண்மை இருக்கிறது என்ற கருத்தே மூன்று இடத்திலும் ஓங்கியிருந்தது. நாம் ஏற்கெனவே நம்புவதோடு அல்லது விரும்புவதோடு ஒத்துப்போகும் கனவுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறோம் என்பதும் அதே ஆய்வில் வந்தது. சீட்டுக் கதை இருபது வீட்டில் சொல்லப்பட்டதும், மீஞ்சூர் மனை நோட்டிலிருந்தே விடுபட்டதும் இப்படித்தான்.

## விடியற்காலை நான்கு மணி

அடுத்ததாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தலையணை பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கண் விழித்ததும், விளக்குப் போடும் முன்பேகூட, கனவு ஞாபகம் இருந்தால் இரண்டு வரி. இல்லாவிட்டால் "இல்லை" என்று ஒரு வார்த்தை. இந்த "இல்லை"தான் அவசியமானது. வந்த நாளை மட்டும் எழுதினால் வராத நாட்கள் கணக்கில் வராமலே போய்விடும். கூடவே எத்தனை மணிக்குப் படுத்தார், எப்படி எழுந்தார், அன்றைக்கு மனதில் என்ன ஓடியது என்பதையும் குறிக்க வேண்டும்.

ஆறு வாரத்தில் இரண்டு விஷயம் தெரிந்தன.

ஒன்று, கதவு அவர் நினைத்ததைவிட அடிக்கடி வந்தது. எந்த முடிவும் இல்லாத வாரத்திலும் வந்தது. மாதக் கடைசியில் கடன் நோட்டைப் பார்த்துவிட்டுப் படுத்த இரவு, மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த இரவு, மொத்தக் கடைக்காரர் பாக்கிக்கு ஆள் அனுப்பிய நாள். முன்பெல்லாம் இந்தக் கனவுகள் எழுந்ததும் மறந்துபோயிருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றோடு கட்டிவைக்க ஒரு முடிவு இல்லை. பெரிய முடிவு இருக்கும் வாரத்தில் மட்டும் அது "அந்தக் கனவு" ஆகிவிடுகிறது.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைகள். அன்று பால் வண்டியை மகன் பார்த்துக்கொள்வதால் இவர் தானாக விழிக்கும்வரை தூங்குவார். அந்த நாட்களில் பெரும்பாலும் "இல்லை" என்றே இருந்தது.

இதற்கு நல்ல விளக்கம் உண்டு. 1953-இல் யூஜீன் அசெரின்ஸ்கியும் நேத்தனியல் கிளைட்மனும் தூக்கத்தில் கண் வேகமாக அசையும் கட்டம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் கனவைச் சொல்பவர்கள் மிக அதிகம். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம் முன்னிரவில் குறுகியும் பின்னிரவில் நீண்டும் இருக்கும். கனவின் நடுவிலோ முடிந்த உடனேயோ விழித்தால் ஞாபகத்தில் நிற்கும். அதைத் தாண்டித் தூங்கிவிட்டால் போய்விடும். பதினொன்றரைக்குப் படுத்து நான்கு மணிக்கு அலாரத்தால் எழுகிறவர் அந்தக் கட்டத்தின் நடுவே அறுபட்டு விழிப்பதற்கு வாய்ப்பு நிறைய. விடியற்காலைக் கனவுதான் நமக்கு மிஞ்சுகிறது என்பதால் அதற்குத் தனி மரியாதை சேர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். கனவு எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற வாதத்துக்குள் போகாமலே இதை அவரிடம் பேச முடிந்தது. அவருடைய நோட்டில், அவர் கையெழுத்தில், ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாக இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

## கதவு எங்கிருந்து வந்தது

நோட்டு எழுதத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவர் தானாகச் சொன்னார். 1985-இல், அவருக்குப் பதின்மூன்று வயது. ராயபுரத்தில் அப்பாவின் கடையை வாடகைத் தகராறில் கட்டடக்காரர் பூட்டிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தவர் பலகைகளும் பட்டையும் போட்டுப் பூட்டிய கடை முன்னால் பையோடு நின்றிருக்கிறார். சரக்கெல்லாம் உள்ளே. அப்பா எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், எதுவும் பேசவில்லை. சில நாளில் ஊர்க்காரர்கள் பேசித் திறந்துவிட்டார்கள். வீட்டில் அதைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசியதில்லை.

கனவு அங்கிருந்துதான் வந்தது என்று நான் எழுதவில்லை, அவரிடமும் அப்படிச் சொல்லவில்லை. கனவின் உருவம் அந்த நாளைப் போல இருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. ஆனால் இது எங்கள் பேச்சைத் திருப்பியது. அதுவரை "கதவு என்ன சொல்லுது" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், "எனக்கு எதுல பயம்" என்று கேட்கத் தொடங்கினார். சரக்கு உள்ளே மாட்டிக்கொள்வது, இன்னொருவர் கட்டடத்தில் நம் பணம் முடங்குவது, மகன் முன்னால் அப்பா வாயடைத்து நிற்பது. பக்கத்துக் கடை விஷயத்தில் இந்த மூன்றும் இருந்தன.

கொடுங்கனவுகளுக்கு ஒரு பயிற்சி முறை உண்டு. விழித்திருக்கும்போது கனவின் முடிவை மாற்றி எழுதி, அந்தப் புதிய காட்சியைத் தினமும் கொஞ்ச நேரம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. இவருக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தேன். கனவு அவர் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, பயத்தால் வாழ்க்கை முடங்கவும் இல்லை. கனவை எடுத்துவிட்டால் அவர் "வரவில்லை, அதனால் செய்யலாம்" என்று வேறொரு விதிக்குப் போயிருப்பார். 2015 வெள்ளத்தை நினைத்தால் அது இன்னும் ஆபத்து. மாற்ற வேண்டியது கனவுக்கும் முடிவுக்கும் நடுவில் இருந்த அந்த முடிச்சு.

## பக்கத்துக் கடை

ஆடி பாதி கழிந்திருந்தது. அப்பா, அம்மா, மகன் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நான் கேட்டது இரண்டுதான். ஒன்று, முடிவை எதை வைத்து எடுக்கப் போகிறீர்கள் என்று முன்னாலேயே தாளில் எழுதுங்கள். இரண்டு, அதன் அடியில் "கனவு வந்தாலும் வராவிட்டாலும் இதுதான்" என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். பூ போட்டுப் பார்ப்பதில் இருக்கும் அதே முன் ஏற்பாடுதான் இது. அந்த ஒற்றுமையைச் சொன்னதும் கடைக்காரருக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை.

கணக்கை மகன் போட்டார். புதுக் கடைக்கு வாடகை மாதம் 22,000 ரூபாய். கரண்ட் 6,000. இன்னொரு வேலையாள் 15,000. ஆக மாதம் 43,000 கூடுதல் செலவு. அட்வான்ஸ், ரேக், கூடுதல் சரக்கு எல்லாம் சேர்த்து ஒன்பதரை லட்சம் தனி. அதில் பாதிக்கு மேல் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் வர வேண்டும்.

மளிகையில் எல்லாப் பொருளையும் சேர்த்துப் பார்த்தால் அவர்களுக்கு நிற்கும் மார்ஜின் நூற்றுக்குப் பத்து. சர்க்கரை, எண்ணெய், பால் போன்றவற்றில் அதைவிடக் குறைவு, மசாலா, பருப்பு சில்லறையில் கொஞ்சம் அதிகம். பத்து என்று வைத்தால் 43,000 ரூபாய் செலவை ஈடுகட்டவே மாதம் 4,30,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 14,300 ரூபாய். அப்போதைய விற்பனை நாளுக்கு 18,000. அதாவது இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு கூடுதலாக விற்றால்தான் கைநட்டம் இல்லை. நகைக்கடன் வட்டி இதில் சேரவில்லை. தெருவில் கடன் நோட்டில் நிற்கும் தொகை 2,80,000 ரூபாய். கடை பெரிதானால் அதுவும் பெரிதாகும்.

மகன் கணக்கைப் போட்டு முடித்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய எண்ணம் தப்பில்லை. மெட்ரோ வந்த பிறகு அந்தப் பகுதியில் ஆள் நடமாட்டம் மாறியிருந்தது, ஜனங்கள் கையில் எடுத்துப் பார்த்து வாங்கத்தான் விரும்புகிறார்கள். ஒரே தாவலில் போக முடியாது என்பதுதான் தெரிந்தது. அப்பாவின் பயத்துக்கும் ஒரு எண் கிடைத்தது. இத்தனை நாள் கதவாக மட்டும் இருந்ததால் மகனால் அதோடு வாதாட முடியவில்லை.

கடைசியில் மூன்றாவது வழி ஒன்று வந்தது. அதைச் சொன்னவர் மனைவி. சரக்கு வைத்திருக்கும் பின்னறையைக் காலி செய்து அதில் ரேக் போட்டு, ஜனங்கள் உள்ளே வந்து எடுக்கும்படி செய்யலாம். சரக்குக்குச் சந்துக்குள் 5,000 ரூபாய் வாடகையில் ஒரு சின்ன அறை. கரண்ட் 1,500 கூடும். வேலையாள் வேண்டாம், உள்ளே மகன் பார்த்துக்கொள்வார். ரேக்குக்கும் வெளிச்சத்துக்கும் 90,000 ரூபாய், கையிருப்பிலிருந்தே. நாளுக்கு 2,200 ரூபாய் கூடுதலாக விற்றால் செலவு கட்டிவரும். ஆறு மாதத்தில் கூடுதல் விற்பனை நாளுக்கு 6,000-ஐத் தொட்டால் பெரிய இடம் பற்றி மறுபடி பேசுவது, தொடாவிட்டால் இப்படியே இருப்பது. இதைத்தான் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

## பிறகு நடந்தது

கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள் விடியற்காலை கதவு வந்தது. கடைக்காரர் நோட்டில் எழுதினார், எழுதிவிட்டு எனக்குப் போன் செய்தார். முடிவை மாற்றலாமா என்று கேட்கவில்லை. "வந்துச்சு மேடம். தாள்ல போட்ட மாதிரியே செய்யறோம்" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. தாளில் எழுதியதில் பயமாக இருப்பது எது என்று கேட்டேன். சந்துக்குள் அந்த அறையில் சரக்கை வைப்பதுதான் என்றார். அப்படியென்றால் அதற்கு என்ன செய்யலாம் என்று பேசினோம். அறையின் தரையில் கான்கிரீட் கற்களை வைத்து மேலே பலகை போட்டு, அதன் மேல்தான் மூட்டை அடுக்குவது என்று முடிவானது.

ஆவணியில் வேலை தொடங்கியது. பக்கத்துக் கடையை ஒரு மருந்துக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அந்த வாரம் மகன் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை என்று அம்மா சொன்னார்.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சந்தில் தண்ணீர் ஏறி அறைக்குள்ளும் புகுந்தது. பலகை மேல் இருந்த மூட்டைகள் தப்பின. புயலுக்கு முந்தைய இரவுகளில் நோட்டில் "இல்லை" என்றே இருக்கிறது. ஆனாலும் இதைக் கையெழுத்துக்குப் பிறகு வந்த அந்தக் கனவு சொன்ன எச்சரிக்கை பலித்தது என்று எடுத்துக்கொள்ள வழி இருந்தது, உறவினர் ஒருவர் அப்படியே சொன்னாராம். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பலகை போட்டது 2015-இல் பட்ட அடியால் என்றாராம்.

பிப்ரவரியில் கணக்குப் பார்த்தார்கள். கூடுதல் விற்பனை நாளுக்குச் சராசரியாக 3,500. அதில் மாதம் 10,500 ரூபாய் மார்ஜின், செலவு 6,500 போக மிச்சம் 4,000. போட்ட 90,000 திரும்ப வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். நஷ்டம் இல்லை, பெரிய வெற்றியும் இல்லை. 6,000 என்ற கோட்டைத் தொடவில்லை, அதனால் பெரிய இடம் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. மகனுக்கு இதில் திருப்தி இல்லை. பக்கத்துக் கடையை எடுத்திருந்தால் 14,300 வந்திருக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் கடையை விட்டுப் போகவில்லை. வாட்ஸப்பில் ஆர்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தொடங்கியிருக்கிறார். அதற்கான முடிவையும் இப்படித் தாளில் எழுதித்தான் எடுத்தார்கள்.

கதவுக் கனவு நிற்கவில்லை. மாதத்தில் ஓரிரு முறை வருகிறது. வந்தால் அன்று எந்தப் பணம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாராம். பெரும்பாலும் கடன் நோட்டாகத்தான் இருக்கிறது.

## அடுத்த முறை மாற்ற நினைப்பவை

மனைவியின் பட்டியலைத் தனியாக, கணவரின் பட்டியலைப் பார்க்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். மீஞ்சூர் மனை பேச்சோடு பேச்சாக வந்தது. அவர் அன்று கூட வராமல் இருந்திருந்தால் நான்கு கட்டத்தில் ஒன்று காலியாகவே இருந்திருக்கும், கனவும் ஜெயித்திருக்கும். இத்தகைய நிகழ்வில் மறந்துபோன சம்பவம்தான் எடை உள்ளது, அதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் சம்பந்தப்பட்டவர் இல்லை.

தூக்க நேரத்தை நாங்கள் போதிய அளவு தொடவில்லை. கடை வேலை அப்படி என்று ஏற்றுக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாளாவது பால் வண்டியை மகன் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை முதல் மாதமே செய்து பார்த்திருக்கலாம். ரத்த அழுத்தத்துக்காகவே அது தேவை. இப்போதுதான் அதைத் தொடங்கியிருக்கிறார்கள்.

மகனை முதலிலேயே கணக்குப் போடச் சொல்லியிருந்தால் வீட்டில் இரண்டு மாதச் சண்டை குறைந்திருக்குமா என்றும் யோசித்தேன். குறைந்திருக்காது என்றே படுகிறது. கனவுக்கும் அதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அப்பா மகனுடைய தாளை வாங்கிப் பார்த்தார். அந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்வேன். ஆனால் இதற்கு ஆடி மாதத்தின் தயவு இருந்தது. முடிவுக்கு ஒரு வாரம்தான் அவகாசம் என்று ஒருவர் வந்தால் ஆறு வார நோட்டு முறை உதவாது. அவர்களுக்கு நான்கு கட்டத் தாளை மட்டும், வீட்டார் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே அமர்வில் போட்டுப் பார்க்க இருக்கிறேன்.